வாளியும் விரலும்

கால்குலேட்டரின் திரையில் 0.50208922 என்று நிற்கிறது. மாணவர் அதை அப்படியே ரெக்கார்டு நோட்டில் எழுதப் பேனாவைத் திறக்கிறார். அந்த எண்ணின் கடைசி இலக்கம் வரை நம்புவதென்றால், நொடிக்கு எவ்வளவு நீர் விழுகிறது என்பதை ஒரு மில்லிலிட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு வரை அவர் அளந்துவிட்டார் என்று பொருள். ஒரு சொட்டு நீரை ஐயாயிரம் கூறுகளாகப் பிரித்தால் அதில் ஒரு கூறு. அளந்த கருவிகளோ ஒரு பிளாஸ்டிக் வாளி, ஒரு தராசு, கையில் பிடித்த ஒரு ஸ்டாப்வாட்ச்.

எட்டு இலக்கத்தில் எத்தனை இலக்கம் அவருக்குச் சொந்தம்? இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு கேள்விதான். பதில் மூன்று இலக்கம் என்று வரும். ஆனால் அந்த மூன்றாவது இலக்கமும் தவறாக இருக்கும். அது எப்படி என்பதைப் பார்க்க வாளிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

பொறியியல் கல்லூரிகளின் நீரியல் ஆய்வகத்தில் அநேகமாக எல்லோரும் செய்யும் சோதனை இது. மேலே ஒரு தொட்டி. பம்ப் அதை நிரப்பிக்கொண்டே இருக்கும். மிஞ்சிய நீர் வழிந்தோடும் குழாய் வழியாகப் போய்விடும். அதனால் நீர்மட்டம் ஏறாது, இறங்காது. தொட்டியின் பக்கச் சுவரில், அடிப்பகுதியில், ஒரு பித்தளைத் தகடு. அதில் கூர்மையான விளிம்புள்ள ஒரு வட்டத் துளை. துளையிலிருந்து பீறிடும் நீரை ஒரு தகரக் காடி பிடித்து ரப்பர் ஹோஸுக்குள் திருப்பிவிடுகிறது. ஹோஸின் முனை சாதாரணமாகச் சாக்கடைக்குள் கிடக்கும். அளக்கும்போது ஒருவர் அதை வாளிக்குத் திருப்புவார், இன்னொருவர் ஸ்டாப்வாட்சை அழுத்துவார். குறித்த நேரம் ஆனதும் ஹோஸ் மறுபடி சாக்கடைக்கு. வாளியைத் தூக்கித் தராசில் வைத்து எடை பார்ப்பார்கள். காலி வாளியின் எடையைக் கழித்தால் நீரின் நிறை; அதை நீரின் அடர்த்தியாலும் நேரத்தாலும் வகுத்தால் பாய்வு வீதம்.

Q = (m₂ − m₁) / (ρ · t)

கணக்குக்கு எண்களை இப்படி வைத்துக்கொள்வோம். நிரம்பிய வாளி 13.28 கிலோ, காலி வாளி 0.86 கிலோ, நீர் 12.42 கிலோ. நேரம் 24.83 நொடி. நீரின் வெப்பநிலை 28 டிகிரி செல்சியஸ். அந்த வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரின் நிறை 0.99624 கிலோ. வகுத்தால் மேலே சொன்ன 0.50208922 வரும். நொடிக்கு அரை லிட்டரும் கொஞ்சமும்.

இனி ஒவ்வோர் எண்ணாக எடுத்து, அது எவ்வளவு தள்ளாடும் என்று கேட்க வேண்டும். தராசிலிருந்து தொடங்குவோம். அறுபது கிலோ வரை நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசு, இருபது இருபது கிராமாகத்தான் எண் மாறும். 13.28 என்று அது காட்டினால் உண்மை எடை 13.27-க்கும் 13.29-க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம். எந்த இடத்துக்கும் தனிச்சலுகை கிடையாது. அப்படிச் சமமாகப் பரவிக் கிடக்கும் ஒன்றின் திட்டவிலக்கம், அரை அகலத்தை மூன்றின் வர்க்கமூலத்தால் வகுத்தால் கிடைக்கும். பத்து கிராமை 1.732-ஆல் வகுத்தால் 5.8 கிராம். இதைத்தான் அந்த ஒரு வாசிப்பின் நிச்சயமின்மை என்கிறோம். பிழை வேறு, நிச்சயமின்மை வேறு என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிழை என்பது உண்மை மதிப்புக்கும் நாம் படித்ததற்கும் உள்ள வித்தியாசம். உண்மை மதிப்பு தெரியாததால் பிழையும் தெரியாது. அந்தப் பிழை எந்த அளவுக்குள் இருக்கும் என்று நியாயமாக எதிர்பார்க்கலாமோ, அந்த அளவுக்குத்தான் நிச்சயமின்மை என்று பெயர்.

தராசை இரண்டு முறை படிக்கிறோம், காலி வாளிக்கு ஒருமுறை, நிரம்பியதற்கு ஒருமுறை. இரண்டு 5.8 கிராம்களை எப்படிச் சேர்ப்பது? பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் படித்த நினைவு இருந்தால், கூட்டிவிடலாம் என்று கை போகும்: 11.6 கிராம். பள்ளிப் பாடம் தப்பாகச் சொல்லவில்லை. மிக மோசமாகப் போனால் எவ்வளவு போகும் என்பதை அது கணக்கிடுகிறது. ஆனால் இரண்டு வாசிப்பும் ஒரே நேரத்தில், ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில், முழு அளவுக்குத் தவற வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பெரும்பாலும் ஒன்று கொஞ்சம் மேலே போகும், மற்றது எங்கேயோ நடுவில் நிற்கும். ஒன்றையொன்று கலந்து பேசாத இரண்டு தள்ளாட்டங்கள் செங்கோண முக்கோணத்தின் இரண்டு பக்கங்களைப் போலச் சேர்கின்றன. மொத்தம் என்பது கர்ணம். வர்க்கப்படுத்தி, கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் 8.2 கிராம். பொறியாளர்களிடையே இந்தக் கணக்கைப் பரப்பியதில் கிளைன், மெக்ளின்டாக் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1953-இல் எழுதிய ஒரு சிறு கட்டுரைக்குப் பெரிய பங்கு உண்டு. பலமுறை திரும்பச் செய்ய வசதியில்லாமல், ஒரே ஒருமுறை அளந்துவிட்டு முடிவு சொல்ல வேண்டியவர்களுக்காக எழுதப்பட்டது அது.

12,420 கிராமில் 8.2 கிராம் என்பது 0.066 சதவீதம்.

அடுத்தது அடர்த்தி. வெப்பமானியை ஒரு டிகிரி தப்பாகப் படித்தாலும் 28 டிகிரியின் அருகில் அடர்த்தி 0.03 சதவீதம்தான் மாறும். அதை இப்போதே ஒதுக்கிவிடலாம்.

நேரம்தான் மிச்சம். ஸ்டாப்வாட்ச் நொடியின் நூறில் ஒரு பங்கு வரை காட்டுகிறது. உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் படிகம் அதைவிடவும் ஒழுங்கானது. 25 நொடிக்குள் அது செய்யும் தப்பு நம் கணக்கில் எங்கும் தெரியாது. ஆனால் படிகத்துக்கும் நீருக்கும் நடுவில் ஒரு கட்டைவிரல் இருக்கிறது. ஹோஸ் வாளிக்குள் திரும்பும் கணமும் விரல் பொத்தானை அமுக்கும் கணமும் ஒன்றல்ல. சிலசமயம் விரல் முந்தும், சிலசமயம் பிந்தும். இந்த முந்தல் பிந்தலின் திட்டவிலக்கம் பத்தில் ஒரு நொடி என்று வைத்தால் அது கவனமாகச் செய்யும் ஒருவருக்கு நியாயமான அளவு. தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று: மறுபடியும் கர்ணம் போட்டால் 0.14 நொடி. 24.83-இல் அது 0.57 சதவீதம்.

பெருக்கலும் வகுத்தலுமாக இருக்கும் ஒரு சூத்திரத்தில் சதவீதங்களை வைத்தே கணக்குப் போடலாம் என்பது ஒரு வசதி. நிறை 0.066, அடர்த்தி 0.03, நேரம் 0.57. மூன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டி மூலம் எடுத்தால் 0.574 சதவீதம். நேரம் மட்டும் இருந்தால் 0.57, தராசும் வெப்பமானியும் சேர்ந்து மூன்றாவது தசமத்தைத்தான் அசைத்திருக்கின்றன. வர்க்கப்படுத்துவதில் இருக்கும் இரக்கமின்மை இது. ஒன்பது மடங்கு பெரியது வர்க்கத்தில் எண்பது மடங்கு ஆகிவிடுகிறது. சின்னவன் குரல் எடுபடுவதே இல்லை.

இதிலிருந்து ஒரு விஷயம் உடனே தெரிகிறது. தராசு சரியில்லை, ஒரு கிராம் வரை காட்டும் தராசு வாங்கினால் முடிவு நன்றாக வரும் என்று யாராவது பில் போட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தத் தராசு வந்த பிறகு மொத்த நிச்சயமின்மை 0.574-இலிருந்து 0.570-க்கு இறங்கும். அவ்வளவுதான். விரலுக்கு மருந்து நேரத்தில்தான் இருக்கிறது. விரலின் 0.14 நொடி மாறாது. ஆனால் நிரப்பும் நேரத்தை இரட்டிப்பாக்கினால் அதன் சதவீதம் பாதியாகும். ஒரு நிமிடம் நிரப்பினால் கால் சதவீதத்துக்குக் கீழே வந்துவிடலாம். அதற்கு முப்பது லிட்டர் பிடிக்கும் பாத்திரம் வேண்டும், அதைத் தராசில் ஏற்ற இரண்டு பேர் வேண்டும். ஐந்து நொடியில் நிரம்பிவிடும் சின்ன வாளியை வைத்துக்கொண்டு மூன்று தசமம் எழுதுபவர் கிட்டத்தட்ட மூன்று சதவீதத் தள்ளாட்டத்தின் மேல் நின்றுகொண்டிருக்கிறார்.

முடிவை எழுதும்போது 0.574 சதவீதத்தை இரண்டால் பெருக்குவது வழக்கம். அந்த எல்லைக்குள் உண்மை மதிப்பு இருப்பதற்கு ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வாய்ப்பு என்று சொல்லலாம். அப்படி எழுதினால் பாய்வு வீதம் நொடிக்கு 0.502 ± 0.006 லிட்டர். எட்டு இலக்கத்தில் மூன்று மிஞ்சியது.

இதுவரை போட்டது முன்கூட்டிய கணக்கு. விரலுக்குப் பத்தில் ஒரு நொடி என்று நாமாக ஒரு எண்ணைக் கொடுத்தோம். அது சரிதானா என்று வாளியிடமே கேட்டுவிடலாம். தொட்டியில் நீர்மட்டம் மாறாமல் இருப்பதால் அதே சோதனையைப் பத்து முறை செய்தால் பத்து முறையும் ஒரே விடை வர வேண்டும். வராமல் சிதறுவது அளப்பவரின் சிதறல். நொடிக்கு இத்தனை கிலோ என்று பத்து ஓட்டங்களும் இப்படி வந்தன என்று கொள்வோம்: 0.5002, 0.5041, 0.4978, 0.5013, 0.4969, 0.5036, 0.4990, 0.5024, 0.4965, 0.5002. சராசரி 0.5002. திட்டவிலக்கம் 0.0027, அதாவது 0.54 சதவீதம். எதிர்பார்த்தது 0.57. பத்தே ஓட்டங்களை வைத்துக் கண்ட திட்டவிலக்கமே கால் பங்கு அளவுக்கு அப்படி இப்படி இருக்கும் என்பதால், இரண்டும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்ளலாம். சிதறல் இரண்டு சதவீதம் என்று வந்திருந்தால் நாம் கணக்கில் சேர்க்காத ஏதோ ஒன்று ஆடுகிறது என்று தேடத் தொடங்க வேண்டும்: பம்ப் மூச்சு வாங்குகிறதா, வழிந்தோடும் குழாயில் நீர் வழிகிறதா நின்றுவிட்டதா, வாளியிலிருந்து தெறிக்கிறதா.

பத்தின் சராசரி ஒற்றை ஓட்டத்தைவிட நம்பகமானது. எவ்வளவு என்றால், பத்தின் வர்க்கமூலமான 3.16 மடங்கு. 0.54-ஐ 3.16-ஆல் வகுத்தால் 0.17 சதவீதம், இரண்டால் பெருக்கி லிட்டரில் எழுதினால் 0.502 ± 0.002. சொல்லிக்கொள்ளும்படியான முன்னேற்றம். பெரும்பாலான ரெக்கார்டு நோட்டுகள் இங்கே முடிந்துவிடும். மதிப்பெண்ணும் கிடைத்துவிடும்.

இங்கே கொஞ்சம் நின்று, இந்த வாளிச் சோதனையைவிடப் பழைய ஒரு விரல் கதையைச் சொல்ல வேண்டும். லண்டனுக்கு அருகே கிரீனிச் வானாய்வகத்தில் நெவில் மாஸ்கலின் தலைமை வானியலாளராக இருந்தார். தொலைநோக்கியின் பார்வையில் கட்டியிருக்கும் மெல்லிய கம்பியை ஒரு நட்சத்திரம் கடக்கும் நேரத்தைக் கடிகாரத்தின் டிக் ஒலியைக் கேட்டபடியே குறிக்க வேண்டும். அதுதான் அன்றைய வேலை. அவருடைய உதவியாளர் டேவிட் கின்னபுரூக் குறித்த நேரங்கள் மாஸ்கலினுடையதைவிடத் தொடர்ந்து பிந்தியே வந்தன. வித்தியாசம் 0.8 நொடி வரை போனது. சொல்லிப் பார்த்தார், திருந்தவில்லை. 1796-இல் கின்னபுரூக் வேலையிழந்தார். இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து ஜெர்மானிய வானியலாளர் பெஸ்ஸல் இந்தப் பதிவைக் கவனித்துத் தன்னையும் தன் சக வானியலாளர்களையும் அதேபோல ஒப்பிட்டுப் பார்த்தார். கைதேர்ந்தவர்களுக்கு இடையிலும் அப்படியொரு நிலையான வித்தியாசம் இருந்தது. கின்னபுரூக் சோம்பேறி இல்லை. இருவரின் கண்ணும் காதும் வெவ்வேறு விதமாகச் சேர்ந்து வேலை செய்தன, அவ்வளவுதான். தினமும் ஒரே பக்கமாகப் பிந்தும் ஒருவர் ஆயிரம் முறை அளந்து சராசரி எடுத்தாலும் அந்தச் சராசரியும் அதே அளவு பிந்தியே இருக்கும்.

வாளிக்குத் திரும்புவோம். நம் இரண்டு மாணவர்களும் தொடக்கத்தைச் சரியாகத்தான் செய்கிறார்கள். ஸ்டாப்வாட்ச் வைத்திருப்பவர் "மூணு, ரெண்டு, ஒண்ணு" என்று எண்ணுகிறார். அதற்கடுத்த துடிப்பில் இருவரும் ஒன்றாக, ஒருவர் ஹோஸைத் திருப்ப, மற்றவர் பொத்தானை அமுக்குகிறார். கும்மியில் கை தட்டுவதைப் போல, எண்ணிக்கையின் தாளம் இருவரையும் ஒன்றாக்கிவிடுகிறது. முந்துவதும் பிந்துவதும் சமமாக நடக்கும்.

முடிவில் அப்படி இல்லை. வாட்சைப் பார்த்துக்கொண்டே இருப்பவர் 25 நெருங்கும்போது அமுக்கிக்கொண்டே "போதும்டா!" என்கிறார். ஹோஸ் பிடித்தவருக்கு அது காதில் விழுந்து, மூளைக்குப் போய், கை அசைவதற்குள் ஐந்தில் ஒரு நொடி ஓடிவிடுகிறது. அந்த ஐந்தில் ஒரு நொடியில் நூறு மில்லிலிட்டர் நீர், ஒரு சின்ன டீ டம்ளர் அளவு, வாளிக்குள் விழுகிறது. தராசு அதை நிறுக்கிறது. ஸ்டாப்வாட்சில் அதற்கு நேரம் இல்லை. பத்து ஓட்டத்திலும் இதே டம்ளர். சிதறலில் இது தெரியவே தெரியாது, ஏனென்றால் இது சிதறவில்லை.

அப்படியானால் எப்படிக் கண்டுபிடிப்பது? அதே துளை, அதே நீர்மட்டம். இந்த முறை 25 நொடிக்குப் பதிலாக ஐந்தே நொடி நிரப்பிப் பார்க்க வேண்டும். பாய்வு வீதம் மாறுவதற்குக் காரணமே இல்லை. ஆனால் அந்த ஒரு டம்ளர், நீண்ட ஓட்டத்தின் பன்னிரண்டரை லிட்டரில் கரைந்துபோனதைப் போல, இரண்டரை லிட்டரில் கரைய முடியாது. ஐந்து நொடி ஓட்டங்கள் பத்து செய்ததில் சராசரி நேரம் 5.02 நொடி, சராசரி நிறை 2.59 கிலோ என்று வந்தால், வகுத்துக் கிடைப்பது நொடிக்கு 0.516 கிலோ. நீண்ட ஓட்டங்கள் சொன்னது 0.500. மூன்று சதவீத வித்தியாசம். ஒளிந்திருந்தவன் வெளியே வந்துவிட்டான்.

அவனைக் கழித்துவிடுவதும் சுலபம். ஒவ்வொரு ஓட்டத்திலும் அதே அளவு கூடுதல் நீர் விழுகிறது என்றால், நீண்டதிலிருந்து குறுகியதைக் கழிக்கும்போது அது அடிபட்டுப் போகும்.

(12.42 − 2.59) / (24.83 − 5.02) = 9.83 / 19.81 = 0.4962

நொடிக்கு 0.4962 கிலோ, அடர்த்தியால் வகுத்தால் 0.498 லிட்டர். இந்த வேகத்தில் 2.59 கிலோ விழுவதற்கு 5.22 நொடி பிடித்திருக்க வேண்டும். வாட்ச் காட்டியது 5.02. விட்டுப்போன நேரம் 0.20 நொடி. இந்த 0.20-க்கும் ஒரு நிச்சயமின்மை உண்டு, கணக்கிட்டால் 0.06 நொடி வருகிறது. சுழியத்திலிருந்து மூன்று மடங்குக்கும் மேல் விலகி நிற்பதால் இது சிதறலின் விளையாட்டு இல்லை என்று சொல்லலாம். 0.05 ± 0.06 என்று வந்திருந்தால் திருத்தத்தை விட்டுவிட்டிருப்பேன்.

பத்து ஓட்டங்களின் சராசரி என்ன சொன்னது என்பதை இப்போது திரும்பிப் பாருங்கள். 0.502 ± 0.002. அதாவது 0.500-க்கும் 0.504-க்கும் இடையில். திருத்திய விடையான 0.498 அதற்கு வெளியே நிற்கிறது. ஒரே ஓட்டத்தை வைத்து 0.502 ± 0.006 என்று எழுதியவர் 0.498-ஐத் தன் எல்லைக்குள் வைத்திருந்தார். பத்து முறை உழைத்து எல்லையைச் சுருக்கியவரோ உண்மையை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார்.

திருத்தம் இலவசமாகவும் வரவில்லை. இரண்டு வகை ஓட்டங்களிலும் நேரத்தின் சராசரி 0.045 நொடி தள்ளாடும். கழிக்கும்போது இரண்டு தள்ளாட்டமும் கர்ணமாகச் சேர்ந்து 0.063 நொடி ஆகும். அதை வகுக்கும் நேரமோ 24.83 இல்லை, 19.81. ஆக 0.32 சதவீதம். சராசரியின் 0.17-உடன் ஒப்பிட்டால் கிட்டத்தட்ட இரட்டிப்பு. கழித்தல் எப்போதும் இப்படித்தான்: எண்கள் சுருங்கும், தள்ளாட்டங்கள் சுருங்காது. இரண்டால் பெருக்கி எழுதினால் 0.498 ± 0.003. எல்லை அகலமானது, ஆனால் இப்போது அது சரியான இடத்தில் நிற்கிறது. நான் இதைத்தான் எடுப்பேன்.

நீண்ட ஓட்டத்தையும் குறுகிய ஓட்டங்களையும் ஒப்பிடும் இந்தத் தந்திரம் மாணவர்களுக்காக யாரோ கண்டுபிடித்த விளையாட்டு அல்ல. ஓட்டமானிகளைச் சரிபார்க்கும் பெரிய ஆய்வகங்களில் வாளிக்குப் பதில் டன் கணக்கில் பிடிக்கும் தொட்டியும், ஹோஸுக்குப் பதில் நீரை நொடிப்பொழுதில் திருப்பும் இயந்திரத் திருப்பியும் இருக்கும். விரலுக்குப் பதில் அந்தத் திருப்பியே மின்கடிகாரத்தைத் தட்டிவிடும். அந்தத் திருப்பியும் ஒரு பக்கமாகப் பிந்தலாம். எடை முறையில் நீரோட்டத்தை அளப்பதற்கான ஐ.எஸ்.ஓ. 4185 என்ற 1980-ஆம் ஆண்டுத் தரநெறி, ஒரே நீண்ட திருப்பலையும் அடுத்தடுத்த பல குறுந்திருப்பல்களையும் ஒப்பிட்டு அந்தப் பிந்தலைக் கண்டுபிடிக்கும் வழியை விளக்குகிறது. வாளி பெரிதானாலும் நோய் ஒன்றுதான்.

நம் ஆய்வகத்தில் இன்னும் எளிய வைத்தியம் உண்டு. முடிவிலும் "மூணு, ரெண்டு, ஒண்ணு" என்று எண்ணிவிடுங்கள். பிறகு மறுபடியும் ஐந்து நொடி, இருபத்தைந்து நொடி ஓட்டங்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒரே பக்கமாகத் தவறும் இன்னொன்று தராசின் அருகில் இருக்கிறது. அதையும் விட்டுவிடக் கூடாது. முதல் ஓட்டத்துக்கு முன் உலர்ந்த வாளியை நிறுத்து 0.86 என்று எழுதிவைத்துவிட்டு, பத்து ஓட்டத்துக்கும் அதையே கழிப்பார்கள். ஆனால் நீரைக் கொட்டிவிட்டு வாளியை நிமிர்த்தினால் சுவரிலும் அடியிலும் ஒட்டிய நீர் மிஞ்சும். அது நாற்பது கிராம் என்றால், இரண்டாவது ஓட்டத்திலிருந்து ஒவ்வொரு நிறையும் நாற்பது கிராம் கூடுதல், 0.3 சதவீதம். தராசின் நிச்சயமின்மையைவிட ஐந்து மடங்கு. அதனால் காலி வாளியை ஒவ்வொரு முறையும் ஈரத்தோடு நிறுக்க வேண்டும், கொட்டிய பிறகு ஒரே அளவு நேரம் கவிழ்த்து வைத்துவிட்டு. அதில் இன்னொரு லாபமும் இருக்கிறது: தராசின் சுழியம் கொஞ்சம் நகர்ந்திருந்தாலும் இரண்டு வாசிப்பிலும் ஒரே அளவு நகர்ந்திருக்கும், கழித்தலில் போய்விடும். மேலே கர்ணக் கணக்குப் போட்டபோது இரண்டு வாசிப்பும் ஒன்றையொன்று கலந்து பேசாதவை என்றேன். சுழிய நகர்வைப் பொறுத்தவரை அவை கலந்து பேசிக்கொள்பவை. அங்கே கர்ணம் போட்டால் இல்லாத பயத்தைக் கணக்கில் சேர்த்தவர்களாவோம். எதிர்மாறாக, தராசு எல்லா எடையையும் நூற்றில் இத்தனை கூட்டியே காட்டுகிறது என்றால் எத்தனை கழித்தாலும் அது போகாது. அதற்கு முத்திரையிட்ட எடைக்கல்லை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

எடைக்கல் என்றதும் ஒரு சின்ன விஷயம். நீர் காற்றில் மிதக்கிறது. தன் பருமனளவு காற்றின் எடையை இழந்தே அது தராசில் நிற்கிறது; தராசைச் சரிசெய்த எஃகுக் கல் அடர்த்தி மிகுந்தது என்பதால் அதைவிட மிகக் குறைவாகவே இழக்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 0.1 சதவீதம், உண்மை நிறை தராசு காட்டுவதைவிட அந்த அளவு கூடுதல். நம் 0.32-க்குள் அது அமுங்கிவிடுவதால் விட்டுவிட்டேன். ஆனால் கவனியுங்கள், தராசின் இலக்கத்தைப் பற்றிக் கவலைப்பட்டோமே, அந்த 0.066-ஐவிட யாரும் நினைத்துப் பார்க்காத காற்று பெரியது.

சரி, இவ்வளவு பாடுபட்டு அளந்த பாய்வு வீதம் எதற்கு? துளையின் வெளியேற்றக் கெழுவைக் காண்பதற்கு. துளையின் பரப்பையும் நீர்மட்ட உயரத்தையும் வைத்து ஏட்டுக்கணக்காக வர வேண்டிய பாய்வு ஒன்று உண்டு. பீறிடும் நீர் துளையைத் தாண்டியதும் சுருங்கிக்கொள்வதால் உண்மையில் அதில் அறுபது சதவீதத்துக்குச் சற்று மேல்தான் வரும். அந்த விகிதம்தான் கெழு.

Cd = Q / (A · √(2gh))

துளையின் விட்டம் 15.0 மில்லிமீட்டர், துளையின் மையத்துக்கு மேல் நீர்மட்டம் 1.06 மீட்டர் என்றால், நம் 0.498-க்குக் கெழு 0.618 வருகிறது. திருத்தாத 0.502-ஐ வைத்திருந்தால் 0.623.

இப்போது நிச்சயமின்மை இந்தச் சூத்திரத்துக்குள் எப்படி நுழைகிறது என்று பாருங்கள். உயரம் வர்க்கமூலத்துக்குள் இருப்பதால் அதன் சதவீதம் பாதியாகிவிடுகிறது. நீர்மட்டத்தை இரண்டு மில்லிமீட்டர் தப்பாகப் படித்தால் 0.19 சதவீதம், கெழுவுக்குப் போய்ச் சேர்வது 0.09 மட்டும். விட்டமோ பரப்புக்குள் வர்க்கமாக இருக்கிறது. அதன் சதவீதம் இரட்டிப்பாகும். துளையை நாலு திசையில் வெர்னியரால் அளந்ததில் 0.03 மில்லிமீட்டர் முன்பின் வந்தால் அது 0.2 சதவீதம், கெழுவில் 0.4 சதவீதம். பாய்வு வீதத்தின் 0.32, விட்டத்தின் 0.4, உயரத்தின் 0.09 மூன்றையும் சேர்த்தால் 0.52 சதவீதம். கெழு 0.618 ± 0.006.

விரல் முதல் இடத்தை இழந்துவிட்டது. இனி ஸ்டாப்வாட்சோடு போராடுவதில் பெரிய பலன் இல்லை. பித்தளைத் தகட்டுக்குப் போக வேண்டும். அங்கே வெர்னியரின் உள்தாடைகளைத் துளைக்குள் விட்டுப் பார்த்தால் ஒன்று தெரியும். தாடையின் விளிம்பு கத்திபோல இருப்பதில்லை, சிறிய தட்டையான முகம் இருக்கும். வளைந்த சுவரில் தட்டையான முகம் நடுவில் தொடாது, அதன் இரண்டு ஓரங்களில்தான் தொடும். அதனால் சின்னத் துளைகளை வெர்னியர் எப்போதும் சற்றுக் குறைத்தே காட்டும். நாலு திசையில் அளந்தாலும் நாற்பது திசையில் அளந்தாலும் குறைத்தே காட்டும். விட்டம் குறைந்தால் கெழு கூடும். அளவு தெரிந்த எஃகு உருளைகளை, 14.98, 15.00, 15.02 என்று ஒவ்வொன்றாக, துளைக்குள் நுழைத்துப் பார்க்க வேண்டும். எது நுழைகிறது, எது நுழைய மறுக்கிறது என்று. பிளக் கேஜ் என்று ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். துளையின் கூர்விளிம்பில் மட்டும் இடித்துவிடாதீர்கள். விளிம்பு மழுங்கினால் கெழுவே மாறிவிடும்.